ஒரே கல்யாணம், இரண்டு அழைப்பிதழ்கள்: பொல்பிட்டியவிலிருந்து ஓர் ஒப்பாய்வு

மலையகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கார்ட் அடிப்பார்கள். மணமகன் வீட்டார் தங்கள் உறவுகளுக்கு ஒன்று, மணமகள் வீட்டார் தங்கள் உறவுகளுக்கு ஒன்று. கல்யாணமும் மண்டபமும் முகூர்த்தமும் ஒன்றுதான். ஆனால் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒன்று சொல்வதை மற்றது சொல்லாமல் விட்டிருக்கும். இந்த இடைவெளியில்தான் விருந்தாளி குழம்புகிறார்.

அப்படி இரண்டு அழைப்பிதழ்களை இங்கே ஒப்பிடுகிறேன். எந்தக் குடும்பத்தையும் சுட்டாமலிருக்க, ஹட்டன் பக்கத்து அச்சகங்களில் வழக்கமாக வரும் வாசகங்களைக் கொண்டு நானே எழுதிய மாதிரிகள் இவை. மணமகன் பொல்பிட்டியவைச் சேர்ந்தவர், தந்தையை இழந்தவர். மணமகள் ஹட்டன். 2026 ஜனவரி 25 காலையில் ஹட்டனில் தாலி கட்டு, அன்று மாலை பொல்பிட்டியவில் மணமகன் வீட்டில் விருந்து.

மணமகன் வீட்டார் எழுதியது, மரபுப்படி ஒரே வாக்கியத்தில்:

“நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 11ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வளர்பிறைச் சப்தமி திதியும் ரேவதி நட்சத்திரமும் கூடிய சுபமுகூர்த்தத்தில், பொல்பிட்டியவைச் சேர்ந்த அமரர் ……… – ……… தம்பதிகளின் கனிஷ்ட புத்திரன் ……… அவர்களுக்கும், ஹட்டனைச் சேர்ந்த ……… தம்பதிகளின் ஏக புத்திரி ……… அவர்களுக்கும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, அம்மன் கோவில் மண்டபத்தில் நடைபெறவிருக்கும் திருமண வைபவத்திற்கும், அதனைத் தொடர்ந்து எமது இல்லத்தில் நடைபெறும் விருந்துபசாரத்திற்கும், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை ஆசீர்வதிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்.”

மணமகள் வீட்டார் எழுதியது, தொலைபேசியில் அனுப்புவதற்கு வசதியாக:

“திருமணம்: 25/01/2026, 9.00 – 10.30. இடம்: (மண்டபத்தின் பெயர், வீதி), ஹட்டன். வரவேற்பு: 6.30. இடம்: மணமகன் இல்லம், பொல்பிட்டிய. அனைவரும் வருக. இங்ஙனம் இரு வீட்டார்.”

முதலாவது முறையாக அழைக்கிறது. வந்து சேரத்தான் வழி காட்டவில்லை. இரண்டாவது நாளும் நேரமும் தருகிறது. அழைக்கும் ஆளைக் காணவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால், அழைக்கும் வாக்கியத்துக்கு ஒரு வேலையும் தகவல் வரிகளுக்கு வேறொரு வேலையும் இருப்பது தெரியும். ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் சுமத்தும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

நாளும் நேரமும்

முதல் அழைப்பிதழில் ஆங்கிலத் திகதி இல்லை. தை 11 என்றாலே போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. நாள் பார்த்தது பஞ்சாங்கத்தில்தான். ஆனால் எந்தப் பஞ்சாங்கத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புழக்கத்தில் உள்ளன. 2026இல் தைப்பொங்கல் விடுமுறை ஜனவரி 15, வியாழக்கிழமை. அன்றைக்குத் தை முதல் நாள் என்று எண்ணினால் 25ஆம் திகதி தை 11. திருக்கணித முறையிலோ சூரியன் மகர ராசியில் புகுவது 14ஆம் திகதி பிற்பகலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. மாதப் பிறப்பை அந்த நாளிலிருந்து எண்ணுகிறவருக்கு அதே ஞாயிற்றுக்கிழமை தை 12 ஆகும். சுவரில் தொங்கும் கலண்டரைப் புரட்டித் தை 11ஐத் தேடுகிறவர், கலண்டரைப் பொறுத்து, சனிக்கிழமைக்கும் போய் நிற்கலாம்.

இங்கே முதல் அழைப்பிதழைக் காப்பாற்றுவது கிழமை. தை 11, ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டும் சேர்ந்திருப்பதால், கலண்டரில் ஒத்துவராதபோது விருந்தாளிக்குச் சந்தேகம் எழும். ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்த்துக்கொள்வார். இரண்டாவது அழைப்பிதழில் இந்தக் காவல் இல்லை. 25/01/2026 என்ற இலக்கங்களில் ஒன்று பிழைத்தால் கண்டுபிடிக்க வேறு எதுவும் அருகில் இல்லை. தை மாதக் கல்யாணத்துக்குக் கார்த்திகை, மார்கழியில் கார்ட் அடிப்பார்கள். அப்போது பழைய ஆண்டையே எழுதிவிடுவது அச்சகங்களில் எளிதாக நேரும் பிழை. 2025 ஜனவரி 25 சனிக்கிழமை. 2026இல் அதே திகதி ஞாயிறு. கிழமையை எழுதி, கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் இருந்தால் இந்தப் பிழை அச்சுக்குப் போகாது.

வெறும் இலக்கத் திகதிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 25/01 என்பதில் குழப்பம் இல்லை, 25ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனால் கல்யாணம் 08/02 அன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது பெப்ரவரி 8. அமெரிக்காவிலிருந்து விமானச் சீட்டு எடுக்கும் சித்தப்பா அதை ஓகஸ்ட் 2 என்று படிக்கக்கூடும். மாதத்தை எழுத்தில் எழுதுவதற்கு ஒரு சொல்தான் செலவு.

நேரத்திலும் இரு பக்கமும் குறை இருக்கிறது. முதல் அழைப்பிதழ் சுபமுகூர்த்தம் என்று சொல்லி மணியை விட்டுவிட்டது. இரண்டாவது மணியைச் சொல்லிக் காலையா மாலையா என்பதை விட்டுவிட்டது. 9.00 மணி கல்யாணத்துக்கு யாரும் இரவில் வரமாட்டார்கள் என்றாலும், அதிகாலை முகூர்த்தங்களில் இந்த அலட்சியம் பெரிய இடைஞ்சலாகிறது. நம் மரபில் நாள் சூரிய உதயத்தோடு தொடங்குகிறது. கடிகாரத்தில் நள்ளிரவோடு தொடங்குகிறது. அதனால் திங்கட்கிழமை அதிகாலை 4.30 மணி முகூர்த்தத்தைப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு என்று சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றி, பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் திகதியையும் போட்டால், ஒரு பகுதி உறவினர் ஒரு நாள் முன்னதாக விடியற்காலையில் பூட்டிய மண்டபத்தின் வாசலில் நிற்பார்கள். “ஞாயிறு இரவு விடிந்தால் திங்கட்கிழமை” என்ற பழைய வழக்கு இந்தச் சிக்கலை அறிந்து உருவானது. அதையே வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதனுடன் திங்கட்கிழமைத் திகதியும் அதிகாலை என்ற சொல்லும் சேர வேண்டும்.

முதல் அழைப்பிதழில் ஆக அதிகம் ஏமாற்றுகிற சொல் “அதனைத் தொடர்ந்து” என்பதுதான். எழுதியவர் மனத்தில் அன்று மாலை என்று இருக்கிறது. படிப்பவர் தாலி கட்டி முடிந்த கையோடு என்று நினைப்பார். இன்னொருவர் மறுநாள் என்று நினைப்பார். காலையில் ஹட்டன், மாலையில் பொல்பிட்டிய என்றால் நடுவே பல மணி நேர இடைவெளியும் மலைப்பாதைப் பயணமும் இருக்கின்றன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தனித்தனியே நாளும் நேரமும் எழுதுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. இரண்டும் ஒரே நாள் என்றாலும் திகதியைத் திரும்ப எழுத வேண்டும். மாலை விருந்துக்கு முடியும் நேரத்தையும் குறிப்பது தோட்டத்து விருந்தாளிக்கு உதவும். இரவில் திரும்பிப் போக வாகனம் பேசுகிறவருக்கு அந்த ஒரு எண் தேவைப்படுகிறது.

இடம்

இடத்தைச் சொல்வதில் இரண்டாவது அழைப்பிதழ் பாதி வழி போயிருக்கிறது, முதலாவது கிளம்பவே இல்லை. “அம்மன் கோவில் மண்டபம்” எந்த ஊரில் என்று அதில் இல்லை. ஹட்டனைச் சேர்ந்த என்ற சொற்றொடர் மணமகளின் பெற்றோரைத்தான் குறிக்கிறது, மண்டபத்தை அல்ல. பொல்பிட்டியவும் ஹட்டனும் வாக்கியத்தில் வந்துவிட்டதால் எழுதியவருக்கு இடம் சொல்லியாகிவிட்டது போலத் தோன்றுகிறது. தோட்டப் பிரிவுகளில் மாரியம்மன் கோவில் பரவலாக இருக்கும் மலையகத்தில், ஊர்ப்பெயர் இல்லாத அம்மன் கோவில் ஒரு முகவரியே அல்ல. மேற்பிரிவுக்கு ஒரு கோவில், கீழ்ப்பிரிவுக்கு ஒரு கோவில் என்று ஒரே தோட்டத்துக்குள்ளும் இந்தக் குழப்பம் வரும்.

பொல்பிட்டிய என்ற பெயருக்கும் கொஞ்சம் துணை தேவை. நுவரெலியா மாவட்டத்தில், மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதியில் உள்ள ஊர் இது. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் வெளியூரார் அறிந்தது. ஆனால் குருநாகல் மாவட்டத்தில் பொல்பித்திகம என்று ஓர் ஊர் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர் வாகனச் சாரதியிடம் வாயால் சொல்லும்போது ஒன்று மற்றதாக மாறக்கூடும். மாவட்டத்தின் பெயரைச் சேர்த்தால் அந்த வாய்ப்பு அடைபடும்.

அடையாளம் சொல்லப்போய்க் குழப்பத்தைக் கூட்டுவதும் உண்டு. பக்கத்தில் லக்ஷபான மின்நிலையம் இருக்கிறது என்று ஒருவர் எழுதுவார். அந்தப் பெயரில் பழையது ஒன்று, புதியது ஒன்று என மின்நிலையமே இரண்டு. மஸ்கெலியாப் பக்கம் லக்ஷபான தோட்டம் இருக்கிறது. அருவியும் அதே பெயர்தான். பொல்பிட்டிய மின்நிலையத்துக்குச் சமனல என்று ஒரு பெயர் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் சமனலவெவ என்று வேறொரு மின்நிலையம் இருக்கிறது. தேடிப் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் வருகிற பெயரை அடையாளமாகக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

“எமது இல்லம்” என்பது தோட்டக் குடும்பத்துக்கு இன்னும் கடினமான முகவரி. லயத்து வீடுகளுக்கு நெடுங்காலம் தனி முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்து பிரிக்கப்பட்டன. அந்தப் பழக்கத்தில் அழைப்பிதழிலும் தோட்டத்தின் பெயரையும் தபால் நிலையத்தின் பெயரையும் மட்டும் போட்டு விடுகிறார்கள். கடிதம் வருவதற்கு அது போதும். ஆள் வருவதற்குப் போதாது. தபால் நிலையம் ஓர் ஊரிலும் வீடு அதற்கு எதிர்த் திசையிலும் இருக்கலாம். தோட்டம், பிரிவு, லயத்தின் எண் ஆகிய மூன்றையும் எழுதி, பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், முன்பின் வராதவரும் விசாரித்து வந்து சேர்வார்.

அந்த ஒரு வரியில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று எழுதக் கூடாது. கொழும்பிலிருந்து வருகிறவர் அவிசாவளை, கித்துல்கல வழியாக ஏ-7 வீதியில் ஏறி வருகிறார். ஹட்டனிலிருந்து வருகிறவர் அதே வீதியில் கினிகத்தேனை வழியாக இறங்கி வருகிறார். ஒருவரின் இடப்பக்கம் மற்றவரின் வலப்பக்கம். சந்தியின் பெயரைச் சொல்லிப் பொல்பிட்டிய வீதியில் திரும்பவும் என்று எழுதினால் இருவருக்கும் பொருந்தும். தொலைபேசி எண் கொடுப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். மணவறையில் நிற்கப்போகும் மணமகனின் எண்ணைப் போடுவதில் பயனில்லை. முகூர்த்த நேரத்தில் அழைப்பை எடுக்கக்கூடிய ஓர் உறவினரின் எண் வேண்டும்.

அழைப்பவர்

அழைப்பவர் யார் என்பதில் முதல் அழைப்பிதழ் வெகு தூரம் முன்னே இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் மிகவும் வலி தரும் பிழையைச் செய்திருக்கிறது. “அமரர் ……… – ……… தம்பதிகளின் கனிஷ்ட புத்திரன்” என்ற வரியைத் திரும்பப் படியுங்கள். அமரர் என்ற சொல் தந்தையை மட்டும் குறிக்க எழுதப்பட்டது. நடுவே ஒரு கோடு, பின்னால் தம்பதிகளின் என்று வந்ததால் அது இருவரையும் தழுவிக்கொண்டது. உயிரோடு வாசலில் நின்று வரவேற்கப்போகும் தாயையும் மறைந்தவராக்கிவிட்டது. “அமரர் திரு. ……… அவர்களதும் திருமதி ……… அவர்களதும் கனிஷ்ட புத்திரன்” என்று பெயர்களைத் தனித்தனி வேற்றுமையில் பிரித்தால் அந்தச் சொல் தந்தையோடு நின்றுகொள்ளும்.

மறைந்தவர் பெயர் பெற்றோர் வரியில் இருப்பது மரியாதை. அழைப்போர் வரிசையில் அவர் பெயர் வர முடியாது. அந்த இடத்தில் தாயின் பெயரை விட்டுவிட்டுப் பெரியப்பாவையோ மூத்த மகனையோ மட்டும் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொழுந்து பறித்துப் பிள்ளையை ஆளாக்கிய தாய் அழைப்பிதழில் இல்லாமற்போவது மரபைக் காப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தாயின் பெயர் முதலில், அடுத்து மூத்த சகோதரரின் பெயர், இருவருக்கும் எதிரே உறவுமுறை என்று எழுதினால் பெரியவர்களுக்கும் மனக்குறை வராது.

இரண்டாவது அழைப்பிதழின் “இரு வீட்டார்” ஒற்றுமையைக் காட்டும் நல்ல சொல். பெயர்கள் இல்லாமல் அது தனியே நிற்பதுதான் சிக்கல். கையில் கார்ட் கிடைக்கும்போது விருந்தாளி முதலில் பார்ப்பது தன்னை அழைத்தது யார் என்பதை. எந்த வீட்டு வழியாகப் போவது, யாரிடம் மொய் எழுதுவது, பிற்பாடு யார் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும் என்பதெல்லாம் அந்தப் பதிலில் தொங்குகின்றன. இரு வீட்டாரும் சேர்ந்து ஒரே கார்ட் அடித்தாலும், இரு பக்கத்திலும் அழைப்பவரின் பெயர் இருக்க வேண்டும்.

தனித்தனிக் கார்ட் அடிக்கும்போது வேறொரு பிழை நுழையும். ஒரு வீட்டார் எழுதியதை மற்ற வீட்டார் வாங்கி, பெயர்களை மட்டும் முன்பின் மாற்றி அச்சுக்குக் கொடுப்பார்கள். அப்போது “எமது” என்ற சொல் அப்படியே தங்கிவிடும். மணமகள் வீட்டுக் கார்டில் எமது இல்லத்தில் விருந்து என்றிருந்தால், உறவினர்கள் ஹட்டனில் மணமகள் வீட்டுக்குப் போவார்கள், விருந்தோ பொல்பிட்டியவில். அச்சுக்கு முன் வரைவில் எமது, எங்கள் என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, இந்தக் கார்டை அனுப்புகிறவர் வாயிலிருந்து இது சரியா என்று பார்க்க வேண்டும். மணமகன் இல்லம் என்று எழுதிவிட்டால் எந்தக் கார்டிலும் பொருள் மாறாது.

பணிவு

“அனைவரும் வருக” என்பது நுழைவாயில் வளைவில் எழுதும் வாசகம். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்த ஊரில் அது வெறுமையாகப்படுகிறது. “தாங்கள் வருகை தந்து ஆசீர்வதிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்” என்பதில் விருந்தாளிக்கு ஓர் இடமும் ஒரு பங்கும் கிடைக்கின்றன. அவர் வந்தால்தான் ஆசீர்வாதம் என்று அந்த வினை சொல்கிறது. இந்த வினையையும் “பேரன்புடையீர்” என்ற விளியையும் வைத்துக்கொண்டால் அழைப்பின் மரியாதை பெரும்பாலும் நிலைத்துவிடும். திதி, நட்சத்திரம், மங்களகரமான, வைபவம் ஆகியவற்றில் எதைக் குறைத்தாலும் யாரும் தாழ்ந்துபோவதில்லை.

“சுற்றமும் நட்பும் சூழ” அழகான தொடர்தான். ஆனால் அதற்குச் சோற்றுக் கணக்கு உண்டு. குடும்பத்துடன் வருக என்றால் ஒரு வீட்டார். சுற்றமும் நட்பும் என்றால் அவர்களோடு வருகிறவர்களும். மண்டபத்தில் அவ்வளவு இடம் இருந்தால் எழுதலாம். இல்லையென்றால் குடும்பத்துடன் என்பதே போதும். இத்தனை பேர் மட்டும் என்ற வரம்பைக் கார்டில் அச்சடிப்பது நம் வழக்கத்தில் மனத்தைப் புண்படுத்தும். உறையின் மேல் பெயர் எழுதும்போதே அதை நயமாகச் சொல்லிவிட முடியும். நேரத்துக்கு வரும்படி சொல்வதற்கும் காரணத்தை முன்னால் வைத்தால் கண்டிப்புத் தெரியாது: முகூர்த்தம் 9.00 மணிக்குத் தொடங்குவதால் 8.30 மணிக்குள் தங்கள் வருகையை எதிர்நோக்குகின்றோம்.

இரண்டும் சேர்ந்த வடிவம்

மணமகன் வீட்டார் கார்டைத் திருத்தினால் இப்படி அமையும்:

“பேரன்புடையீர்,

பொல்பிட்டியவைச் சேர்ந்த அமரர் திரு. ……… அவர்களதும் திருமதி ……… அவர்களதும் கனிஷ்ட புத்திரன் செல்வன் ……… அவர்களுக்கும், ஹட்டனைச் சேர்ந்த திரு. திருமதி ……… தம்பதியரின் ஏக புத்திரி செல்வி ……… அவர்களுக்கும் பெரியோர்களின் நல்லாசியுடன் திருமணம் நடைபெறவுள்ளது. தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து மணமக்களை ஆசீர்வதித்து, விருந்திலும் கலந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்.

திருமணம்: 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை (விசுவாவசு வருடம் தை 11), முகூர்த்தம் காலை 9.00 – 10.30. (மண்டபத்தின் பெயர், வீதி), ஹட்டன்.

வரவேற்பு விருந்து: அதே நாள், 2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை மாலை 6.30 – இரவு 9.30. மணமகன் இல்லம், (லயத்தின் எண், பிரிவு, தோட்டம்), பொல்பிட்டிய, நுவரெலியா மாவட்டம். (திரும்ப வேண்டிய சந்தி, வழி கேட்கத் தொலைபேசி எண்.)

அன்புடன் அழைப்போர்: திருமதி ……… (மணமகனின் தாயார்), திரு. ……… (மூத்த சகோதரர்).”

அழைக்கும் வாக்கியத்தில் இலக்கம் ஒன்றுகூட இல்லை. தகவல் வரிகளில் அலங்காரம் இல்லை. தமிழ்த் திகதி போகவில்லை, ஆங்கிலத் திகதிக்குத் துணையாக அடைப்புக்குள் இருக்கிறது. மணமகள் வீட்டார் இதை எடுத்துப் பெற்றோர் வரிகளை முன்பின் மாற்றி, அழைப்போர் பெயரை மாற்றினால் போதும். இரண்டு நிகழ்ச்சிகளின் வரிகளிலும் ஒரு எழுத்தும் மாற வேண்டியதில்லை. சிங்களத்திலும் அச்சடிக்கும் குடும்பங்கள் திகதி, நேர இலக்கங்கள் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கள வாசகத்தை அந்த மொழியைப் பேசி வளர்ந்த ஒருவர் ஒரு முறை படிப்பதும் அவசியம்.

வரைவைச் சரிபார்க்க வீட்டாரை நம்ப முடியாது. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் விடுபட்டதைத் தங்கள் மனத்திலிருந்து நிரப்பிப் படிப்பார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவீர்கள், எங்கே இறங்குவீர்கள், யார் அழைத்ததாகச் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். கார்டைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் அவர் மூன்றுக்கும் பதில் சொன்னால் வரைவு தேறியது. எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்தி, வேறொருவரிடம் கொடுத்து மறுபடியும் கேட்க வேண்டும். ஒரு முறை விளக்கம் கேட்டுவிட்டவர் அடுத்த முறை தயங்கமாட்டார்.

அச்சுக்குப் பிறகு கார்ட் படமாகவும் பயணம் போகிறது. மடித்த அழைப்பிதழின் ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புவார்கள். முன்பக்கத்தில் பிள்ளையார் படமும் பெயர்களும், உட்பக்கத்தில் நாளும் இடமும் என்று பிரிந்திருந்தால் தொலைவில் உள்ளவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஆகவே அழைக்கும் வாக்கியம், இரு நிகழ்ச்சிகளின் நாளும் இடமும், அழைப்போர் பெயர் ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் அமையும்படி அச்சகத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.